ஒன்றுமில்லை என்ற பதில் எவ்வளவு நேரம் தாங்கும்?

“ஏம்மா, புள்ள பயந்துபோய் கேக்குது. அதுக்குப் பதில் சொல்லாதீங்கன்னு சொல்றதுக்கா இவ்வளவு படிச்சிருக்கீங்க?” என்று ஒரு பாட்டி என்னிடம் கேட்டார். கோபமாகக்கூட இல்லை, உண்மையிலேயே புரியாமல்தான் கேட்டார். குழந்தைகளின் பதற்றப் பிரச்சினைகளைப் பார்ப்பது என் தொழில். தனக்குப் பெரிய வியாதி வந்துவிட்டதோ என்று உடம்பைத் தடவித் தடவிப் பார்க்கிற, நாள் முழுக்க அதையே கேட்டுக்கொண்டிருக்கிற குழந்தைகள் எங்களிடம் வருவது புதிதில்லை. அவர்கள் வீட்டாரிடம் நாங்கள் சொல்லும் முதல் யோசனைகளில் ஒன்று, ‘ஒன்னுமில்லடா, நீ நல்லாத்தான் இருக்க’ என்று சொல்வதைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்பது. கேட்கிறவர்களுக்கு இது கல்நெஞ்சுக்காரத்தனமாகத்தான் படும். பாட்டிக்கும் அப்படித்தான் பட்டது. அவர் கேட்டது நியாயமான கேள்வி. பயந்த குழந்தைக்கு ஆறுதல் சொல்வதில் என்ன தப்பு இருக்க முடியும்? பல நாள் மனதில் ஓடிக்கொண்டிருந்ததை இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

அவருடைய பேரனை கவின் என்று வைத்துக்கொள்வோம். வயது பத்து. ஆள் அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். கூடப் படிக்கும் பையனின் அப்பா புற்றுநோயில் இறந்துபோனார். பெரியவர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டபோது, “மொதல்ல கழுத்துல சின்னதா ஒரு கட்டிதான் இருந்துச்சாம்” என்ற ஒரே ஒரு வரி இவன் காதில் விழுந்தது. அன்று ராத்திரி படுக்கையில் தன் கழுத்தைத் தடவிப் பார்த்தான். இடப்பக்கத் தாடைக்குக் கீழே, விரலுக்கு அடியில் ஏதோ நழுவியது. எழுந்து போய் அம்மாவை எழுப்பினான். அம்மா தொட்டுப் பார்த்தார், அவருக்கும் ஏதோ தட்டுப்பட்டது. இருட்டில் அம்மாவின் விரல் ஒரு நொடி நின்றதே, அதை கவின் கவனித்துவிட்டான். இதை அவனே பிற்பாடு என்னிடம் சொன்னான். “அம்மா ஒன்னுமில்லன்னு சொன்னாங்க. ஆனா கை நின்னுச்சு.”

அவன் விரலில் பட்டது நெறி. நிணநீர் முடிச்சு என்று பாடப்புத்தகத்தில் இருக்கும். சளி, தொண்டைவலி, பல் தொந்தரவு, தலையில் சிரங்கு என்று எது வந்தாலும் கழுத்தில் இருக்கும் இந்த முடிச்சுகள் வேலை செய்து கொஞ்சம் வீங்கும். பள்ளிக்கூடம் போகும் குழந்தைகளுக்குச் சளி வருவதும் போவதுமாக இருப்பதால், முழு ஆரோக்கியமாக இருக்கும் குழந்தைகள் பலரின் கழுத்திலும் தேடினால் ஒன்றிரண்டு தட்டுப்படும். ஒரு சென்டிமீட்டருக்குள் இருந்து, மெத்தென்று அமுங்கி, விரலுக்குக் கீழே நழுவினால் டாக்டர்கள் பொதுவாகக் கவலைப்படுவதில்லை. குழந்தை மருத்துவர் அதைத்தான் சொன்னார். அரை சென்டிமீட்டர்தான் இருக்கும், நன்றாக நகர்கிறது, போன வாரச் சளியால் வந்தது, விட்டுவிடுங்கள் என்றார். கவின் அன்று நிம்மதியாகத் தூங்கினான். மறுநாள் மதியம், டாக்டர் சரியான இடத்தைத்தான் தொட்டாரா என்று கேட்டான்.

தொட்டால் வீங்கும்

இந்த இடத்தில் பெரும்பாலான வீடுகளில் நடப்பதுதான் இங்கும் நடந்தது. பையன் விடாமல் கேட்டதால் ரத்தப் பரிசோதனை எடுத்தார்கள். எல்லாம் சரியாக இருந்தது, ஓர் எண் மட்டும் தடித்த எழுத்தில் அச்சாகியிருந்தது. இயல்பு வரம்பு என்று போடுகிறார்களே, அது பெரும்பாலும் ஆரோக்கியமானவர்களில் 95 சதவீதம் பேரின் அளவு எதற்குள் வருகிறதோ அந்த எல்லைதான். அப்படியென்றால் நல்ல உடம்போடு இருக்கும் ஒருவருக்கு இருபது அளவு எடுத்தால் ஒன்று மயிரிழையில் வெளியே நிற்பது எதிர்பார்க்க வேண்டிய விஷயம். டாக்டர் பார்த்துவிட்டுக் கடந்து போகிற எண் அது. பத்து வயதுப் பையன் கடந்து போவானா? அவன் அந்தத் தாளை மடித்துப் பள்ளிப் பைக்குள் வைத்துக்கொண்டான். பதற்றத்தைத் தணிக்க எடுக்கும் பரிசோதனைகளில் இந்த ஆபத்து எப்போதும் உண்டு. டாக்டருக்கு மருத்துவ ரீதியாகச் சந்தேகம் இருந்தால் எடுக்க வேண்டியதுதான். பிள்ளையின் வாயை அடைக்க எடுத்தால், வாய் இரண்டு நாளைக்குத்தான் அடையும்.

அதைவிடப் பெரிய வேலையை அவன் விரல்கள் செய்தன. வகுப்பில் உட்கார்ந்திருக்கும்போது கன்னத்தில் கை வைத்திருப்பதுபோல் வைத்துக்கொண்டு இரண்டு விரலால் அந்த இடத்தை அழுத்துவான். அப்புறம் வலப்பக்கம் அழுத்தி ஒப்பிட்டுப் பார்ப்பான். ஒரு மணி நேரத்தில் எத்தனை தடவை என்று அவனுக்கே தெரியாது, டீச்சர்தான் அம்மாவிடம் சொன்னார். சில நாளில் அந்த இடம் தொட்டாலே வலித்தது, தோல் லேசாகச் சிவந்தது, நெறியும் கொஞ்சம் பெரிதானதுபோல் இருந்தது. எந்த இடத்தையும் ஓயாமல் கிள்ளி அழுத்திக்கொண்டிருந்தால் அப்படித்தான் ஆகும். கவினுக்கோ அது சாட்சியாகிவிட்டது. “மொதல்ல வலிக்கல, இப்ப வலிக்குது. அப்ப பெருசாகுதுன்னுதானே அர்த்தம்?” அவன் கேட்டதில் தர்க்கப் பிழை எதுவும் இல்லை. ஒரே ஒரு தகவல்தான் விட்டுப்போயிருந்தது, அந்த வலியை உண்டாக்கியது அவன் விரல் என்பது.

உடம்பைச் சோதித்துப் பார்க்கும் பழக்கத்தில் விஷமமான பகுதி இதுதான். சோதனையே அறிகுறியை உண்டாக்கும். தொண்டை அடைக்கிறதோ என்று பயப்படும் குழந்தை திரும்பத் திரும்ப எச்சில் விழுங்கிப் பார்க்கும். இதைப் படிக்கும் நீங்களும் இப்போதே அடுத்தடுத்து வேகமாக எச்சில் விழுங்கிப் பாருங்கள். நான்காவது, ஐந்தாவது தடவையிலேயே சிக்கும், அதற்குமேல் தொண்டை அடைத்துக்கொண்டதுபோலவே இருக்கும். வாயில் எச்சில் தீர்ந்துவிட்டது, அவ்வளவுதான். மூச்சு சரியாக வருகிறதா என்று கவனிக்கும் குழந்தை ஆழமாக இழுத்து இழுத்து விட்டுத் தலைசுற்றலை வரவழைத்துக்கொள்ளும். நாடித்துடிப்பைப் பிடித்துப் பார்க்கும் குழந்தைக்கு, பார்க்கிற பயத்திலேயே துடிப்பு ஏறும். இவர்கள் யாரும் நடிக்கவில்லை. பெரியவர்கள் ‘சும்மா நடிக்காதே’ என்று சொல்லும்போது குழந்தை நொந்துபோவதும் அதனால்தான். வலி நிஜம், அதன் காரணத்தில்தான் கோளாறு.

கவினுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க நான் முயலவில்லை. நல்லா இருக்கிற ஓர் இடத்தை நீயே தேர்ந்தெடு என்றேன். வலது முழங்கைக்கு மேலே ஓர் இடத்தைக் காட்டினான். கழுத்தை எவ்வளவு அழுத்துவாயோ அதே அழுத்தம், அதே அளவு தடவை, இரண்டு நாள் அங்கே செய்து பார் என்றேன். இரண்டாம் நாள் சாயங்காலம் அம்மா போனில் சொன்னார்: “கை வலிக்குதாம் மேடம். கைக்கும் கேன்சரான்னு கேப்பான்னு பயந்தேன். கேக்கல. நான் அழுத்துனதாலதான்மானு அவனே சொல்றான்.” கண்டுபிடித்தது அவன் என்பதால் அது அவனிடம் நின்றது. நான் சொல்லியிருந்தால் அதுவும் இன்னொரு ‘ஒன்னுமில்ல’ கணக்கில்தான் போய்ச் சேர்ந்திருக்கும்.

கேள்விக்குள் இருக்கும் கேள்வி

தொடுவதை நிறுத்துவதைவிட, கேட்பதைக் கையாள்வது பல மடங்கு கஷ்டம். தொடுவது பிள்ளையின் கையில் இருக்கிறது, கேள்வியோ இரண்டு பேர் சேர்ந்து செய்வது. ஒருவர் கேட்க, இன்னொருவர் பதில் சொல்ல வேண்டும். 1986-இல் பால் சால்கோவ்ஸ்கிஸ், ஹிலரி வார்விக் என்ற இரண்டு ஆய்வாளர்கள், நோய் குறித்த பதற்றத்தில் ஆறுதல் தேடுவது என்ன செய்கிறது என்று ஒரு கட்டுரையில் எழுதினார்கள். பெரியவர்களைப் பற்றியது அது, ஆனால் அதன் சாரம் இந்தப் பையனுக்கு அப்படியே பொருந்தும். கேட்டதும் பதில் கிடைக்கிறது, பதற்றம் சட்டென்று இறங்குகிறது, அந்த இறக்கம் சுகமாக இருக்கிறது. அதனால் அடுத்த தடவை பதற்றம் வந்தவுடன் மனம் நேரே கேள்விக்குத்தான் ஓடும். பயம் தானாகவே ஏறித் தானாகவே இறங்கும் என்பதைப் பார்க்கும் வாய்ப்பே குழந்தைக்குக் கிடைக்காமல் போகிறது. சொறிந்தால் சுகம், சொறியச் சொறிய அரிப்பு கூடும் என்ற கதைதான்.

அப்படியானால் எந்தக் கேள்விக்கும் பதில் சொல்லக் கூடாதா என்றால், அதுவும் இல்லை. குழந்தைகள் உடம்பைப் பற்றிக் கேட்கத்தான் செய்வார்கள், கேட்கவும் வேண்டும். தகவலுக்காகக் கேட்கும் கேள்வி பதில் கிடைத்தவுடன் முடிந்துபோகும், அல்லது வேறு புதுக் கேள்வியாக வளரும். ‘ரத்தம் ஏன் சிவப்பா இருக்கு’ என்று கேட்ட பிள்ளை அதையே அரை மணி கழித்துக் கேட்காது. ஆறுதலுக்காகக் கேட்கும் கேள்வியில் பதில் முன்பே தெரியும். அதே வார்த்தையில் பதில் வர வேண்டும், கொஞ்சம் மாற்றிச் சொன்னாலோ சொல்லும்போது தயங்கினாலோ திரும்பச் சொல்லச் சொல்லும். ‘எனக்குத் தெரியலையே’ என்ற பதிலை முதல் வகைக் குழந்தை ஏற்றுக்கொள்ளும், இரண்டாம் வகைக் குழந்தையால் முடியாது. வீட்டில் இருப்பவர்கள் இந்த வித்தியாசத்தைப் பிடித்துவிட்டால் போதும். மனநலக் கோளாறுகளை வகைப்படுத்தும் டி.எஸ்.எம்-5 என்ற கையேடு 2013-இல், இப்படிப்பட்ட நோய்ப் பயத்துக்கு இருந்த ஹைப்போகான்ட்ரியாசிஸ் என்ற பழைய பெயரை எடுத்துவிட்டு வேறு இரண்டு பெயர்களைக் கொண்டுவந்தது. பெயர் எதுவானாலும் சரி, பத்து வயதுப் பையனுக்கு முத்திரை குத்துவதில் எனக்குப் பெரிய ஆர்வம் இல்லை. யார் எப்போது என்ன கேட்கிறார்கள், கேட்டதும் என்ன நடக்கிறது என்பதுதான் எனக்கு வேண்டியது.

அதனால் கவினின் அம்மாவிடம் ஒரு வாரம் எதையும் மாற்றாமல் எழுதி மட்டும் வையுங்கள் என்றேன். நேரம், கேட்டது, நீங்கள் சொன்னது, அந்தப் பதில் எவ்வளவு நேரம் தாங்கியது. அந்த நோட்டைப் புரட்டினால், நேரடிக் கேள்விகள் பாதிகூட இல்லை. ‘எனக்குக் கேன்சரா’ என்பது காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று என்ற அளவில்தான் இருந்தது. மற்றதெல்லாம் மாறுவேடத்தில் வந்தவை. “அம்மா, நான் வெளுத்துப்போயிருக்கேனா?” “இன்னைக்கு வெயிட் பாக்கலாமா?” “நான் பெரியவனானதும் இந்த வீட்டுலயேதான் இருப்பேன், இல்ல?” கடைசிக் கேள்வியில் நோயைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை. ‘ஆமாண்டா’ என்ற பதிலுக்குள், நீ பெரியவனாவாய் என்ற உத்தரவாதம் இருக்கிறது. அது கிடைப்பதற்காகத்தான் அந்தக் கேள்வி. சில சமயம் வாயே திறக்க மாட்டான். தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருக்கும்போது அம்மா பக்கம் வந்து கழுத்தைச் சாய்த்து நிற்பான், அம்மா கை தானாகப் போய்த் தொடும், அவர் முகத்தைப் பார்த்துவிட்டுப் போய்விடுவான். எழுத ஆரம்பித்த பிறகுதான், இதுவும் ஒரு கேள்வி, தன் கையும் ஒரு பதில் என்று அம்மாவுக்குப் பட்டது. “அவன் கேக்குறதுக்கு முன்னாடியே நான் தொட்டுடறேன் மேடம்” என்றார்.

பல் விளக்குற வரைக்கும்

அந்த நோட்டோடு அம்மா, பையன், பாட்டி மூன்று பேரும் வந்தார்கள். நான் முதலில் சொன்ன அந்தக் கேள்வியைப் பாட்டி அன்றுதான் கேட்டார். நான் பதில் சொல்வதற்கு முன்னால் கவின் பக்கம் திரும்பி ஒன்று கேட்டேன். ராத்திரி பாட்டிகிட்ட கேட்கிறாயே, பாட்டி ஒன்னுமில்லைன்னு சொன்னதும் எப்படி இருக்கும்? நல்லா இருக்கும் என்றான். அது எவ்வளவு நேரம் இருக்கும்? கூரையைப் பார்த்து யோசித்தான். “பல் விளக்குற வரைக்கும்.” அப்புறம்? “அப்புறம் பாட்டிக்குச் சரியா தெரிஞ்சிருக்குமான்னு தோணும். அம்மாகிட்ட போவேன்.” அம்மா சொன்னால்? “அது லைட் அணைக்கிற வரைக்கும்.” டாக்டர் சொன்னால்? “டாக்டர் சொன்னா ஒரு நாள். இப்பல்லாம் அதுவும் இல்ல.”

யாரும் அவனுக்கு இதைச் சொல்லிக்கொடுக்கவில்லை. ஒவ்வொருவர் பதிலும் எத்தனை நேரத்துக்குச் செல்லும் என்ற கணக்கு அவனிடம் முன்பே இருந்தது, யாரும் கேட்காததால் சொல்லவில்லை. பாட்டி அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். “அப்ப நான் சொல்றத நீ நம்பறதே இல்லையாடா?” என்றார். “நம்பறேன் பாட்டி. ஆனா போயிடுது” என்றான். இவ்வளவு நேர்த்தியாக எந்தக் கட்டுரையிலும் நான் படித்ததில்லை. பாட்டியின் அன்பில் குறை இல்லை, அவன் நம்பிக்கையிலும் குறை இல்லை. நிச்சயம் என்ற ஒன்று வேண்டும் என்று கேட்கிறான், அப்படி ஒன்று யாரிடமும் இல்லை. நாளை எனக்கு என்ன வரும் என்று எனக்கே தெரியாது. நம்மில் பலர் அந்தத் தெரியாமையோடு சாப்பிட்டுத் தூங்கப் பழகியிருக்கிறோம். அவனும் அதைத்தான் பழக வேண்டும். ஒவ்வொரு தடவையும் போலியாக ஒரு நிச்சயத்தைக் கையில் கொடுத்தால் பழக வழியில்லை.

பதிலை நிறுத்துவது என்றால் வாயை மூடிக்கொள்வது என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். அப்படிச் செய்கிற வீடுகளில் குழந்தை தனியாகப் போய்ப் போனில் தேட ஆரம்பிக்கும், அது இன்னும் மோசம். பாட்டியின் ஆட்சேபம் சரியாக இருந்தது இந்த விஷயத்தில்தான். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் எலி லெபோவிட்ஸ் என்பவர் உருவாக்கிய ஸ்பேஸ் என்ற முறையில் குழந்தையைச் சிகிச்சைக்குக் கூட்டிக்கொண்டு வருவதே இல்லை, பெற்றோரை மட்டும் பார்க்கிறார்கள். பதற்றக் கோளாறு உள்ள 124 குழந்தைகளை வைத்து நடந்த ஆய்வு 2020-இல் வெளியானது. பெற்றோருக்கு மட்டும் பயிற்சி கொடுத்ததில் கிடைத்த பலன், குழந்தைக்கே நேரடியாகச் சிகிச்சை கொடுத்ததைவிடக் குறைவாக இல்லை. அது பலவகைப் பதற்றங்களை வைத்துச் செய்தது, நோய்ப் பயத்துக்கு மட்டுமான ஆய்வு அல்ல. ஆனால் அந்த முறையில் ஒரு சின்ன வாசகம் உண்டு, அதை நான் அடிக்கடி கடன் வாங்குவேன். அதற்கு இரண்டு பாகம். உன் பயம் எனக்குப் புரிகிறது என்பது ஒன்று, அதைத் தாங்க உன்னால் முடியும் என்று எனக்கு நம்பிக்கை இருக்கிறது என்பது இன்னொன்று. முதல் பாதியை மட்டும் சொன்னால் குழந்தையோடு சேர்ந்து நாமும் பயப்படுவதுபோல் ஆகும். இரண்டாம் பாதியை மட்டும் சொன்னால் விரட்டுவதுபோல் இருக்கும்.

கவின் வீட்டுக்கு நாங்கள் வகுத்தது இதுதான். எல்லாக் கேள்வியையும் ஒரே நாளில் கைவிடவில்லை. ராத்திரி படுக்கும் நேரத்துக் கேள்விகள் மட்டும் முதலில். கவின் நன்றாக இருக்கும் ஒரு மதிய நேரத்தில் அம்மா அவனை உட்காரவைத்து முன்கூட்டியே சொல்லிவிட்டார்: இனிமேல் ராத்திரி நீ வியாதியைப் பற்றிக் கேட்டால், “பயமா இருக்குன்னு தெரியுதுடா, இந்தப் பயத்தை உன்னால தாங்க முடியும்னு எனக்குத் தெரியும்” என்று ஒரு தடவை சொல்வேன், கழுத்தைத் தொட மாட்டேன், பக்கத்தில் படுத்திருப்பேன், வேறு எதைப் பற்றி வேண்டுமானாலும் பேசலாம். இதை ஒரு தாளில் எழுதி அவனுக்குப் படித்தும் காட்டினார். பாட்டிக்கும் அதே வாசகம்தான். வீட்டில் ஒருவர் மட்டும் பழையபடி பதில் சொல்லிக்கொண்டிருந்தால் குழந்தை அவரிடம் போய்விடும், இத்தனை பேர் பட்ட பாடும் வீண். பாட்டி அந்த வாசகத்தை அப்படியே சொல்ல மறுத்துவிட்டார். “நான் பேசற மாதிரி இல்ல அது” என்றார். “பயமா இருக்கா சாமி? இருக்கட்டும். நீ தாங்குவ, நான் இங்கதான் இருக்கேன்” என்பது அவருடைய வடிவம். என் வடிவத்தைவிட அது நன்றாக இருந்தது என்று சொல்லத் தேவையில்லை.

முதல் நான்கைந்து நாள் படு மோசமாகப் போனது. போகும் என்று முன்பே சொல்லியிருந்தேன். வழக்கமாகக் கிடைத்தது கிடைக்காதபோது குழந்தை கேட்பதை விடுவதற்கு முன்னால் இன்னும் பலமாகக் கேட்டுப் பார்க்கும். அழுதான், கத்தினான், ‘நான் செத்தாதான் உனக்குப் புரியும்’ என்றான். எந்த அம்மாவுக்கும் அதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருப்பது லேசில்லை. அந்த மாதிரி ராத்திரி ஒன்றில் மனம் இளகிப் பதில் சொல்லிவிட்டால், போதுமான அளவு கத்தினால் கிடைக்கும் என்று ஆகிவிடும். அதனால்தான் ஆரம்பிக்கும் இலக்கைச் சின்னதாக வைக்கச் சொல்வது, தாங்கக்கூடிய அளவுக்கு மட்டும். ஆறாம் நாளோ ஏழாம் நாளோ நோட்டில் இப்படி எழுதியிருந்தார்: ‘9.10-க்கு ஒரு தடவை கேட்டான். சொன்னேன். புரண்டு படுத்தான். 9.40-க்குத் தூங்கிட்டான். மறுபடி கேக்கல.’ அந்த அரை மணி நேரத்தில் பயம் வந்து, இருந்து, போனது. அதை அவன் தனியாகப் பார்த்தான்.

தொடுவதற்குத் தள்ளிப்போடும் முறை வைத்தோம். தொடவே கூடாது என்றால் அது இன்னொரு போராட்டமாகிவிடும். தொடணும்போல் இருந்தால் ஐந்து நிமிடம் கழித்துத் தொடலாம். அடுத்த வாரம் பத்து நிமிடம், அதற்கடுத்த வாரம் அரை மணி. பல தடவை அரை மணி முடிவதற்குள் மறந்தே போனான். தொடாமல் விட்ட இடத்தில் வலியும் போய்விட்டது. பிற்பாடு, அம்மா மிரளுவார் என்று தெரிந்தே, இன்னொன்றும் செய்தோம். ‘எனக்குப் பெரிய வியாதி வரலாம், வராமலும் இருக்கலாம், இப்ப எனக்குத் தெரியாது’ என்று அவன் கையாலேயே எழுதி, தினமும் சத்தமாகப் படிக்க வேண்டும். முதல் நாள் குரல் நடுங்கியது. ஒரு வாரத்தில் வாய்ப்பாடு ஒப்பிப்பதுபோல் ராகம் போட்டுப் படித்தான். சலிப்புத் தட்டினால் நல்ல அறிகுறி. ஆனால் இதை வீட்டில் தானாக முயலச் சொல்ல மாட்டேன். எவ்வளவு, எப்போது என்பதைக் குழந்தையைப் பார்த்துப் பழக்கப்பட்டவர் ஒருவர் பக்கத்தில் இருந்து முடிவு செய்ய வேண்டும். வீட்டில் அண்மையில் ஒரு சாவு நடந்திருந்தாலோ, குழந்தைக்கு நிஜமாகவே நாள்பட்ட நோய் இருந்தாலோ வழியே வேறு. பயத்துக்குப் பின்னால் பள்ளியில் அடி, மிரட்டல் என்று வேறு ஏதாவது ஒளிந்திருக்கிறதா என்பதையும் முதலிலேயே பார்த்துவிட வேண்டும்.

நிஜமாகவே உடம்பு சரியில்லாதபோது

இந்தக் கட்டத்தில் எல்லாப் பெற்றோரும் கேட்பார்கள்: நிஜமாகவே ஏதாவது இருந்து, பயம் என்று விட்டுவிட்டால்? பயப்படும் குழந்தைக்கும் நோய் வரும். அதனால் எதையும் ஆரம்பிப்பதற்கு முன்னால் குழந்தையை ஒரு டாக்டர் ஒழுங்காகப் பார்த்திருக்க வேண்டும். எப்போது மறுபடி வர வேண்டும் என்பதையும் அவரிடமே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். நெறி விஷயத்தில் அது சுமார் இப்படி இருக்கும்: இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் போனால், கல்போல் கெட்டியாக, நகராமல் இருந்தால், வாரக்கணக்கில் வளர்ந்துகொண்டே போனால், கழுத்தடியில் காறை எலும்புக்கு மேலே இருக்கும் குழியில் வந்தால், விடாத காய்ச்சலோ எடை குறைவதோ ராத்திரி உடுப்பு நனையும் அளவு வியர்ப்பதோ சேர்ந்தால். தலைவலிக்குப் பயப்படும் குழந்தையென்றால், தூக்கத்திலிருந்து எழுப்பும் தலைவலியும் காலை வாந்தியும் அந்தப் பட்டியலில் வரும். முக்கியமானது, அந்தப் பட்டியலைப் பார்ப்பது பெரியவர்கள் வேலை. டாக்டரிடம் போகலாமா என்று தீர்மானிப்பது அதை வைத்துத்தான். குழந்தை எத்தனை தடவை கேட்கிறது என்பதை வைத்துத் தீர்மானித்தால் பழைய சக்கரம் மறுபடி சுற்ற ஆரம்பிக்கும். இன்னொன்றும் சொல்ல வேண்டும். பட்டியலைக் குழந்தையின் கையில் கொடுக்காதீர்கள். கொடுத்தால் அன்று ராத்திரியே உடுப்பு நனைந்திருக்கிறதா என்று தொட்டுப் பார்க்கும்.

சில மாதம் கழித்து கவினுக்குத் தொண்டையில் கிருமித் தொற்று வந்தது. காய்ச்சல், விழுங்க முடியவில்லை, கழுத்தில் இரண்டு பக்கமும் நெறி கட்டியது. இந்தத் தடவை நிஜமான வீக்கம், பார்த்தாலே தெரிந்தது. அம்மா மறுநாள் காலையிலேயே டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனார், மருந்து கொடுத்தார்கள், சில நாளில் காய்ச்சல் விட்டது. நெறி உடனே போகவில்லை, போகவும் செய்யாது. தொற்று தீர்ந்த பிறகும் சுருங்க வாரக்கணக்கில் ஆகும். அதை டாக்டர் ஒரே ஒரு தடவை கவினிடமே விளக்கி, மூன்று வாரம் கழித்து நானே தொட்டுப் பார்க்கிறேன், அதுவரை யாரும் தொட வேண்டாம் என்று ஒரு தேதியும் கொடுத்தார். பழைய கேள்விகள் இரண்டு மூன்று நாள் எட்டிப் பார்த்தன. வீட்டில் எல்லோருக்கும் அதற்குள் வாசகம் மனப்பாடம்.

மூன்றாவது வாரம் டாக்டரிடம் போக மறந்தது அம்மாதான், ஞாபகப்படுத்தியது கவின். அதுவும் பயந்து இல்லை, தேதி வந்துவிட்டது என்பதற்காக. அப்புறம் கொஞ்ச நாளில், விளையாடிவிட்டு வந்தபோது நெஞ்சு படபடக்கிறது என்று புதிதாக ஒன்றை ஆரம்பித்திருக்கிறான். கழுத்தை விட்டுப் பயம் நெஞ்சுக்கு வருவதும் வழக்கம்தான். ஒரு தடவை டாக்டரிடம் காட்டிவிட்டார்கள். இப்போதைக்கு ராத்திரிக் கேள்வி ஒன்றோ இரண்டோ வருகிறது, பாட்டி தன்னுடைய வடிவத்தில் பதில் சொல்லிவிட்டு விளக்கை அணைக்கிறாராம். என்னிடம் மறுபடி கூட்டிக்கொண்டு வர வேண்டுமா என்று அம்மா கேட்டார். ஒரு மாதம் பழைய நோட்டிலேயே எழுதிப் பாருங்கள், எண்ணிக்கை ஏறினால் வாருங்கள் என்று சொல்லியிருக்கிறேன்.